டாங்கிளைப் பார்த்து வாங்கிய ஹெட்செட்

என் மேசையில் ஒரே ஒரு மானிட்டர்தான். அதன் ஒரு எச்டிஎம்ஐ துளையில் கணினி, இன்னொன்றில் பிளேஸ்டேஷன் 5. பையன் தூங்கிய பிறகுதான் விளையாட முடியும் என்பதால் ஸ்பீக்கர் என்ற பேச்சே இல்லை. இரண்டு வருடமாக 3.5 மிமீ வயர் ஹெட்செட்டைக் கன்ட்ரோலரில் செருகி ஓட்டிக்கொண்டிருந்தேன். கணினிக்கு மாறும்போது வயரைப் பிடுங்கி அங்கே செருக வேண்டும். செருகிப் பிடுங்கி ஒருநாள் இடது காது செத்துப்போனது. சரி, வயர் இல்லாத ஒன்றை வாங்கிவிடலாம், யூஎஸ்பி துளையில் செருகும் ஒரே குட்டி டாங்கிளில் இரண்டும் ஓட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு வாரத்தில் முடிய வேண்டிய வேலை, இரண்டு மாதம் இழுத்தது.

முதலில் கையில் இருந்த புளூடூத் ஹெட்போனை வைத்தே சமாளிக்கப் பார்த்தேன். பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரோடு புளூடூத்தில்தான் பேசுகிறது, ஆனால் புளூடூத் ஹெட்போனை ஏற்றுக்கொள்ளாது. கணினி ஏற்றுக்கொண்டது. ஆனால் நண்பர்களோடு பேசும் டிஸ்கார்டில் மைக்கைத் திறந்த நொடியில் விளையாட்டின் ஒலி பழைய டெலிபோன் போல ஆகிவிட்டது. வழக்கமான புளூடூத்தில் நல்ல ஸ்டீரியோ ஒலிக்கு ஒரு வழி, மைக்கோடு பேசுவதற்கு வேறு வழி. மைக்கைத் திறந்தால் ஹெட்போன் இரண்டாவது வழிக்குத் தாவிவிடும், அதில் ஒலி மோனோ. போதாததற்கு, துப்பாக்கி வெடித்ததைக் கண் பார்த்த பிறகுதான் காது கேட்கிறது. விளையாட்டு ஹெட்செட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் தங்களுக்கென்று ஒரு டாங்கிள் வைத்துக்கொள்வது இந்த இரண்டு தொல்லைகளுக்காகத்தான்.

அடுத்து ஒரு நண்பன், எக்ஸ்பாக்ஸுக்கென வாங்கிய தன் ஹெட்செட்டை ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தான். கூடவே கணினியில் செருகும் எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் அடாப்டரும். விண்டோஸில் அருமையாக வேலை செய்தது. அதே அடாப்டரைப் பிளேஸ்டேஷனில் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிழைச் செய்தி வரவில்லை, ஒலிக்கான மெனுவில் ஒரு பெயர்கூடக் கூடவில்லை. “டேய், கணினியில பாடுது, இதுல ஏன்டா பாடல?” என்று அவனிடம் கேட்டால், “அது எக்ஸ்பாக்ஸுக்குடா” என்றான். அது எனக்கும் தெரியும். ஏன் என்பதுதான் தெரியவில்லை.

அன்று இரவு அந்த அடாப்டரை லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினியில் செருகிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. யூஎஸ்பியில் செருகும் எந்தப் பொருளும், செருகிய உடனே தான் எந்த வகை என்று கணினியிடம் சொல்லும். கீபோர்டு, பென்டிரைவ், ஒலிக்கருவி என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட வகைகள் இருக்கின்றன. ஒலிக்கருவி என்று அறிமுகப்படுத்திக்கொண்டால் விண்டோஸ், லினக்ஸ், பிளேஸ்டேஷன், நின்டெண்டோ ஸ்விட்ச் எல்லாமே டிரைவர் எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். “நான் என் கம்பெனியின் தனி வகை” என்று சொன்னால், அதற்கான டிரைவர் இருக்கும் இடத்தில் மட்டும்தான் வேலை நடக்கும். கணினியில் அந்த டிரைவரை ஏற்றிவிடலாம். கன்சோலில் நாமாக எதையும் ஏற்ற முடியாது. நண்பனின் அடாப்டர் இந்த இரண்டாவது ரகம்.

லினக்ஸில் இதைப் பார்க்க ஒரே ஒரு கட்டளை போதும்:

```
lsusb -t
```

நண்பனின் அடாப்டருக்கு `Class=Vendor Specific Class` என்று வந்தது. அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர் பிளேஸ்டேஷனில் பயன்படுத்தும் ஹெட்செட்டின் டாங்கிளை ஒரு மதிய இடைவேளையில் கடன் வாங்கிச் செருகினேன். அதற்கு வந்தது இது:

```
Port 2: Dev 7, If 0, Class=Audio, Driver=snd-usb-audio, 12M
Port 2: Dev 7, If 1, Class=Audio, Driver=snd-usb-audio, 12M
Port 2: Dev 7, If 2, Class=Audio, Driver=snd-usb-audio, 12M
Port 2: Dev 7, If 3, Class=Human Interface Device, Driver=usbhid, 12M
```

முதல் மூன்று வரிகளும் ஒலி: ஒன்று கட்டுப்பாட்டுக்கு, ஒன்று காதுக்கு, ஒன்று மைக்குக்கு. கடைசி வரி ஹெட்செட்டில் இருக்கும் ஒலியளவுப் பொத்தான்களுக்கு. ஓரத்தில் உள்ள `12M` என்ற வேகத்தையும் பார்க்க வேண்டும். யூஎஸ்பி ஒலிக்கருவிகளில் முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று உண்டு. கன்சோல்களுக்கு ஒத்துப்போவது முதல் பதிப்பு. டிஜிட்டல் ஒலியைக் காதுக்கு ஏற்ப மாற்றித் தரும், மேசையில் வைக்கும் விலை உயர்ந்த டிஏசி பெட்டிகள் சில இரண்டாம் பதிப்பில் பேசுவதால்தான், அவற்றைப் பிளேஸ்டேஷனுக்காக முதல் பதிப்புக்கு மாற்றும் வசதியைத் தனியாகக் கொடுக்கிறார்கள். இரண்டாம் பதிப்புக் கருவிகள் பெரும்பாலும் `480M` என்று காட்டும். `12M` வந்தால் நிம்மதி.

எக்ஸ்பாக்ஸ் கதை தனி. அது இந்தப் பொதுவான யூஎஸ்பி ஒலிக்கருவியை ஏற்பதில்லை. மைக்ரோசாப்டின் உரிமம் பெற்ற ஹெட்செட்டுக்கு மட்டும்தான் கதவைத் திறக்கும். அதனால் எக்ஸ்பாக்ஸும் கணினியும் வைத்திருப்பவர்கள், எக்ஸ்பாக்ஸுக்கென்றே வந்த பதிப்பைத்தான் தேட வேண்டும். ஸ்டீல்சீரீஸின் ஆர்க்டிஸ் நோவா 7 வரிசை இதற்கு நல்ல உதாரணம். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் ஹெட்செட்டில் 7, 7பி, 7எக்ஸ் என்று மூன்று. எக்ஸ்பாக்ஸில் ஓடுவது 7எக்ஸ் மட்டும்தான். அதன் டாங்கிளில் எக்ஸ்பாக்ஸுக்கும் மற்றவற்றுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, அதனால் பிளேஸ்டேஷனிலும் கணினியிலும்கூட அது ஓடும். மற்ற இரண்டையும் எக்ஸ்பாக்ஸில் செருகி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் சத்தம் வராது. பெட்டியின் மேல் ஒரு எழுத்துதான் வித்தியாசம். அவசரத்தில் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எனக்கு எக்ஸ்பாக்ஸ் இல்லை என்பதால் அந்தக் கவலையை விட்டுவிட்டேன்.

இதற்குப் பிறகு நான் ஹெட்செட் தேடுவதை நிறுத்திவிட்டு டாங்கிள் தேட ஆரம்பித்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் இரண்டு மாடல்கள் பிரித்து வைத்த காட்சிப் பொருளாகவே இருந்தன. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, ஆண்ட்ராய்டு போன் போதும். டாங்கிளின் முனை யூஎஸ்பி-சி என்றால் நேராகப் போனில் செருகலாம். பழைய முனை என்றால் ஓடிஜி இணைப்பான் ஒன்று வேண்டும், நான் எடுத்துப் போயிருந்தேன். செருகி ஒரு பாட்டைப் போட்டால், எந்தச் செயலியும் நிறுவாமல் பாட்டு ஹெட்செட்டில் கேட்க வேண்டும். பிறகு ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து பேசி, பதிந்ததைப் போட்டுக் கேட்க வேண்டும். பேசும்போது ஹெட்செட்டின் மைக்கை விரல் நகத்தால் தட்டுவேன். பதிவில் அந்தத் தட்டல் பெரிதாகக் கேட்டால்தான் ஹெட்செட் மைக் வேலை செய்கிறது. இல்லையென்றால் போனின் மைக்கே பதிந்துவிட்டு நம்மை ஏமாற்றும்.

“போன்ல எல்லாம் இதை யாரும் போட்டுப் பாக்கறதில்ல சார்” என்றார் கடைக்காரர்.

“அண்ணே, பெட்டியைப் பிரிச்சா திருப்பி எடுப்பீங்களா?”

“அது மாட்டோம்.”

“அப்போ ரெண்டு நிமிஷம் குடுங்க.”

இந்தச் சோதனை முழு உத்தரவாதம் இல்லை. போன்கள் இரண்டாம் பதிப்புக் கருவிகளையும் ஏற்றுக்கொள்ளும், பிளேஸ்டேஷன் ஏற்காது. ஆனால் போனில் பாடாத டாங்கிள் பிளேஸ்டேஷனில் பாடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கழித்துக்கட்ட இது போதும். முன்னால் இருந்த இரண்டுமே தேறின.

எதை எடுப்பது என்பதை டாங்கிளின் ஓரத்தில் இருந்த ஒரு மில்லிமீட்டர் பொருள் முடிவு செய்தது. ஒரு மாடலில் கணினி, பிளேஸ்டேஷன் என்று தள்ளி மாற்றும் சுவிட்ச் இருந்தது. சோனியின் இன்சோன் எச்9 டாங்கிளிலும் இப்படி ஒன்று உண்டு. இன்னொரு மாடலில் சுவிட்சே இல்லை. சுவிட்ச் இருப்பது கூடுதல் வசதி என்றுதான் முதலில் நினைத்தேன். அது என்ன செய்கிறது என்று யோசித்தபோது மனம் மாறியது. கணினிப் பக்கம் தள்ளினால், டாங்கிள் தன்னை இரண்டு ஒலிக்கருவிகளாகக் காட்டிக்கொள்ளும். ஒன்று விளையாட்டுக்கு, ஒன்று நண்பர்களின் பேச்சுக்கு. ஹெட்செட்டில் உள்ள சக்கரத்தைத் திருப்பி இரண்டில் எது ஓங்க வேண்டும் என்று மாற்றலாம். பிளேஸ்டேஷனுக்கு அது ஒரே கருவியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் மறுபக்கம்.

டாங்கிளைக் கையால் பிடுங்கிச் செருகுகிறவருக்கு இது ஒரு தொல்லையே இல்லை, செருகும்போதே தள்ளிவிடலாம். என் திட்டம் வேறு. டாங்கிளைப் பிடுங்கவே கூடாது, ஒரு யூஎஸ்பி பகிர்வுப் பெட்டியில் நிரந்தரமாக உட்கார வைக்க வேண்டும். இரண்டு இயந்திரங்களிலிருந்து இரண்டு கேபிள் அந்தப் பெட்டிக்கு வரும், மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் டாங்கிள் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும். ஒவ்வொரு முறையும் சுவிட்சையும் தள்ள வேண்டுமென்றால் பெட்டி வைத்து என்ன பயன்? பேச்சுச் சக்கரத்தைத் தியாகம் செய்துவிட்டு, சுவிட்ச் இல்லாததை வாங்கினேன். வாரம் முழுக்க டிஸ்கார்டில் கும்பலாக விளையாடுகிறவர் நேர் எதிராக முடிவு செய்வார், அதுவும் சரிதான்.

பகிர்வுப் பெட்டியில் நான் வேண்டுமென்றே யூஎஸ்பி 2.0 ரகத்தை எடுத்தேன், அறுநூறு ரூபாய். டாங்கிளுக்கு அந்த வேகமே அதிகம். யூஎஸ்பி 3.0 இருக்கும் இடத்தில் வேறு ஒரு வம்பும் உண்டு, அதை இரண்டாம் நாளே அனுபவித்தேன்.

முதல் நாள் எல்லாம் சுமுகம். பெட்டியின் பொத்தானை அழுத்தினால் ஹெட்செட்டில் “பீப்” என்று இணைப்பு அறும், நான்கைந்து நொடியில் மறுபடி சேரும். பிளேஸ்டேஷன் தானாகவே ஒலியை ஹெட்செட்டுக்கு மாற்றிக்கொண்டது. மறுநாள் விளையாடும்போது ஒலி விட்டுவிட்டு வந்தது. அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம், பிறகு அரை நொடி மௌனம். பேட்டரி என்று நினைத்து முழுக்கச் சார்ஜ் செய்தேன், போகவில்லை. வீட்டு வைஃபையோ என்று ரூட்டரை அணைத்துப் பார்த்தேன், அப்போதும் இருந்தது. பகிர்வுப் பெட்டியின் மேல் சந்தேகப்பட்டு, டாங்கிளைப் பிளேஸ்டேஷனின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகினேன். இன்னும் மோசமானது.

அந்த “இன்னும் மோசம்” தான் துப்புக் கொடுத்தது. பின்பக்கத்தில் பக்கத்துத் துளையில்தான் பழைய பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகள் இருக்கும் வெளிப்புற எஸ்எஸ்டி மாட்டியிருந்தது. பகிர்வுப் பெட்டியும் அந்த எஸ்எஸ்டிக்கு ஒட்டியே கிடந்தது. யூஎஸ்பி 3.0 வேகமாகத் தரவை அனுப்பும்போது, அதன் கேபிளிலிருந்தும் முனையிலிருந்தும் கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் போய் விழுகிறது. இன்டெல் 2012லேயே இதைப் பற்றி ஒரு ஆவணம் வெளியிட்டிருக்கிறது. டாங்கிளின் ஆன்டெனா அந்த இரைச்சலுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் இருந்தால், ஹெட்செட்டின் மெல்லிய சமிக்ஞை அதில் மூழ்கிவிடும். காதுக்கு வரும் ஒலி தாங்கினாலும் மைக் முதலில் அடிவாங்கும், ஏனென்றால் மைக்கின் ஒலியைப் பிடிக்க வேண்டியது இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் டாங்கிள்தான்.

உறுதி செய்ய ஒரு சோதனை வைத்தேன். பாட்டை ஓடவிட்டு, எஸ்எஸ்டியிலிருந்து ஒரு பெரிய விளையாட்டை உள் நினைவகத்துக்கு நகர்த்தினேன். நகரும் வரை நொறுங்கல், முடிந்ததும் சுத்தம். மறுபடி நகர்த்தினேன், மறுபடி நொறுங்கல். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

தீர்வு எளிது. பகிர்வுப் பெட்டியை எஸ்எஸ்டியிடமிருந்து பிரித்து, மானிட்டரின் அடியில், என் தலை தெரியும் இடத்தில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினேன். பெட்டியிலிருந்து பிளேஸ்டேஷனுக்குப் போகும் கேபிளை முன்பக்கத் துளைக்கு மாற்றினேன். என்னுடையது முதலில் வந்த பெரிய மாடல், அதன் முன்பக்கத்தில் உள்ள பழைய வடிவத் துளை யூஎஸ்பி 2.0 வேகம் கொண்டது, பின்பக்கத்து இரண்டும் வேகமானவை. பிறகு வந்த மெலிந்த மாடலில் முன்பக்கம் இரண்டுமே சி வகை, அதனால் பழைய முனைக் கேபிளை அங்கே நேராகச் செருக முடியாது. அதற்கு ஓரடி நீள நீட்டிப்புக் கேபிள் ஒன்று போட்டு டாங்கிளைத் தள்ளி வைப்பது எளிய வழி. சில ஹெட்செட்டுகளோடு பெட்டியிலேயே இப்படி ஒரு குட்டிக் கேபிள் வருகிறது. பலர் அதைத் தேவையில்லாதது என்று இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். நானும் முந்தைய ஹெட்செட்டில் அதைத்தான் செய்தேன்.

இனி அமைப்புகள். பிளேஸ்டேஷனில் அதிக வேலை இல்லை. `Settings > Sound > Audio Output` பகுதியில் ஹெட்போனுக்குப் போவது `All Audio` என்று இருக்க வேண்டும். பேச்சு மட்டும் என்று இருந்தால், நண்பர்கள் காதிலும் விளையாட்டு டிவியிலும் கேட்கும். ஹெட்செட் பழுது என்று நினைத்துவிடுவோம். ஒலி அமைப்புகளிலேயே 3டி ஒலியை இயக்கி, கொடுத்திருக்கும் அமைப்புகளில் காதுக்கு நேராக ஒலிப்பது எதுவென்று பொறுமையாகக் கேட்டுத் தேர்ந்தெடுத்தேன். கன்சோலே இதைக் கணக்கிட்டு ஸ்டீரியோவாக அனுப்புவதால் எந்த யூஎஸ்பி ஹெட்செட்டிலும் வேலை செய்யும். அட்டைப் பெட்டியில் பெரிதாக 7.1 என்று அச்சடித்திருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஹெட்செட்டிலேயே அப்படி ஒரு பொத்தான் இருந்தால் அணைத்துவிடுவது நல்லது. இரண்டும் சேர்ந்தால் காலடிச் சத்தம் குளியலறைக்குள் கேட்பது போலிருக்கும்.

விண்டோஸில் ஒரு விஷயம் என்னை நாலு நாள் சுற்ற வைத்தது. யாராவது டிஸ்கார்டில் பேச ஆரம்பித்தால் விளையாட்டின் ஒலி சடாரென்று அடங்கிவிடும். டாங்கிளில் விளையாட்டு, பேச்சு என்று இரண்டு தடம் இல்லாததன் விளைவோ, தப்பான மாடலை வாங்கிவிட்டோமோ என்று பயந்துவிட்டேன். டாங்கிள் பாவம். `mmsys.cpl` என்று இயக்கினால் வரும் பழைய ஒலிப் பெட்டியில் `Communications` என்று ஒரு பக்கம் இருக்கிறது. அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80% குறைக்கச் சொல்லி விண்டோஸே அங்கே வைத்திருக்கிறது. `Do nothing` என்று மாற்றியதும் சரியானது.

மிச்சமிருந்த கடைசித் தொல்லை, காலையில் ஹெட்செட்டை எடுத்தால் பேட்டரி காலியாக இருந்தது. இணைப்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் தானாக அணையும் என்று கையேட்டில் இருக்கிறது, நானும் அதை நம்பி அணைக்காமல் கழற்றி வைத்துவிடுவேன். இரண்டு இயந்திரமும் நிறுத்தியிருந்தபோதும் டாங்கிளின் விளக்கு எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மின்சாரம் இருக்கும் வரை டாங்கிள் ஹெட்செட்டோடு பேசிக்கொண்டே இருக்கும், ஹெட்செட்டின் இணைப்பு அறுந்ததே இல்லை. பிளேஸ்டேஷன் ஓய்வு நிலையிலும் யூஎஸ்பிக்கு மின்சாரம் கொடுக்கிறது, என் கணினியின் மதர்போர்டும் அணைத்த பிறகு அப்படியே. பிளேஸ்டேஷனில் மின்சேமிப்புப் பகுதியில் உள்ள `Supply Power to USB Ports` என்பதை நிறுத்தினேன். அதில் மூன்று மணி நேரம் மட்டும் கொடுக்கும்படியும் வைக்கலாம், ஆனால் கன்ட்ரோலரை நான் கணினியில் சார்ஜ் போடுவதால் எனக்கு அது தேவைப்படவில்லை. கணினியில் பயாஸுக்குள் போய், அணைத்த பிறகு போகும் மின்சாரத்தை நிறுத்தும் `ErP` என்பதை இயக்கினேன். இப்போது எதை அணைத்தாலும் டாங்கிளின் விளக்கு அணைகிறது, பத்து நிமிடம் கழித்து இருட்டில் ஹெட்செட் ஒரு முறை “பீப்” என்கிறது. பையன் அதற்கு எழுவதில்லை. மனைவிதான் எழுந்துவிடுகிறாள்.